718 என்றொரு புள்ளியே இல்லை

2024 ஜூன் 4ஆம் திகதி மாலை இந்தியாவின் நீட் மருத்துவ நுழைவுப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாயின. எழுதியவர்கள் 23 இலட்சத்துக்கு மேல். 720க்கு 720 எடுத்தவர்கள் மட்டும் 67 பேர். பட்டியலைப் பார்த்த மாணவர்கள் சிலருக்கு அந்த 67ஐ விட, கீழே இருந்த இரண்டு எண்கள்தான் கண்ணில் குத்தின. ஒருவருக்கு 718, இன்னொருவருக்கு 719. "இந்தப் புள்ளி எப்படி வரும்?" என்று அவர்கள் கேட்டார்கள். அது வயிற்றெரிச்சலில் வந்த கேள்வியல்ல, சுத்தமான கணக்குக் கேள்வி. பதிலும் எளிது: வராது.

கல்முனையில் இருந்துகொண்டு நீட் கதை நமக்கெதற்கு என்று நினைக்கலாம். அந்தப் பரீட்சைக்குக் கொழும்பிலும் நிலையம் இருந்தது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நம் பிள்ளைகள் பழகி வளரும் பல்தேர்வு வினாத்தாளில் பிழை விடைக்குத் தண்டனை கிடையாது. உயர்தரத்தில் உயிரியலோ பௌதிகவியலோ, முதலாம் தாளில் 50 வினா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவு. சரியான இலக்கத்தின் மேல் புள்ளடி போட வேண்டும். பிழையான இடத்தில் போட்டால் பூச்சியம், போடாமல் விட்டாலும் பூச்சியம். அதனால்தான் வகுப்புகளில் "தெரியாட்டி என்ன செய்யிற சேர்?" என்று கேட்டால், "ஒண்டும் உடாத, எதையாச்சும் போட்டுட்டு வா" என்ற பதில் வருகிறது. அந்தத் தாளுக்கு அது முற்றிலும் சரியான அறிவுரை. கண்ணை மூடிக்கொண்டு 50க்கும் புள்ளடி போட்டாலும் சராசரியாகப் பத்து சரியாகும். சிக்கல் எங்கே என்றால், அதே பிள்ளை ஏ.எல். முடித்து, பிழைக்குப் புள்ளி கழிக்கும் ஒரு தாளின் முன்னால் உட்காரும்போது கையோடு வருவது இந்தப் பழக்கம் மட்டும்தான்.

நீட்டின் விதி இது: சரியான விடைக்கு 4 கூட்டு, பிழைக்கு 1 கழி, விட்டால் ஒன்றுமில்லை. 2024இல் 200 வினா கொடுத்து 180ஐ மட்டும் கணக்கில் எடுத்தார்கள், ஆகவே உச்சம் 720. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பின் கையில் மிஞ்சுவதைத் தேறிய புள்ளி என்று சொல்வோம். கணக்கியல் படித்தவர்களுக்குத் தேறிய இலாபம் தெரியும், அதே 'தேறிய'தான்.

தேறிய புள்ளி = (4 × சரி) − பிழை

720இலிருந்து ஒரு வினாவை விட்டுவிட்டால் 4 போகும், மிஞ்சுவது 716. விடாமல் பிழையாக எழுதினால் வரவேண்டிய 4ம் போய், கையிலிருந்து 1ம் போய், மொத்தம் 5 குறையும், மிஞ்சுவது 715. இரண்டுக்கும் மேலே 720ஐத் தவிர வேறு படியில்லை. 719, 718, 717 மூன்றும் வெற்றிடம்.

இதைக் கொஞ்சம் தூரம் கொண்டுபோனால் அழகான ஒரு சோதனை கிடைக்கும். ஒருவர் ஒன்றையும் விடாமல் 180ஐயும் எழுதியிருந்தால், ஒவ்வொரு பிழையும் ஐந்தைந்தாக இறக்கும். ஆகவே அவருடைய புள்ளி எப்போதும் 0இலோ 5இலோதான் முடியும். ஒன்றை விட்டவருக்கு 716, 711, 706 என்று இறங்கும். இரண்டை விட்டவருக்கு 712, 707. மூன்றை விட்டவருக்கு 708, 703. நான்கை விட்டவருக்கு 704, 699. அதாவது தேறிய புள்ளியை 5ஆல் வகுத்து வரும் மீதியும், விட்ட வினாக்களின் எண்ணிக்கையை 5ஆல் வகுத்து வரும் மீதியும் ஒன்றாக இருக்க வேண்டும். 718ஐ 5ஆல் வகுத்தால் மீதி 3. அப்படியென்றால் குறைந்தது மூன்று வினா விட்டிருக்க வேண்டும். மூன்று விட்டால் அதிகபட்சமே 708. அங்கேயே கதை முடிந்தது. 719க்கு மீதி 4, நான்கு விட்டால் உச்சம் 704. இப்படித் தேடினால் 720க்குள் வரவே முடியாத மேல்மட்ட எண்கள் மொத்தம் ஆறு: 719, 718, 717, 714, 713, 709. அதற்குக் கீழே எல்லாப் படிகளும் நிரம்பிவிடுகின்றன, 650 எடுத்தவரையோ 533 எடுத்தவரையோ இந்தச் சோதனை பிடிக்காது. இரண்டு விசித்திர எண்களும் உச்சிக்கு அருகே விழுந்ததால்தான் யாருடைய கண்ணிலோ பட்டன.

அப்படியானால் 718 எங்கிருந்து வந்தது? தேசியத் தேர்வு முகமை கொடுத்த விளக்கம் இது. சில நிலையங்களில் வினாத்தாள் கொடுப்பதில் நேரம் வீணானது. அப்படிப் பாதிக்கப்பட்ட 1563 பேருக்கு, அவர்கள் விடையளித்த திறனையும் இழந்த நேரத்தையும் வைத்து ஈட்டுப் புள்ளி வழங்கப்பட்டது. அதற்கான சூத்திரம், 2018 ஜூன் 13இல் உச்ச நீதிமன்றம் சட்டக் கல்வி நுழைவுத் தேர்வான 'கிளாட்' வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஈட்டுக்குப் பிறகு அந்த 1563 பேரின் புள்ளிகள் கழித்தல் 20இலிருந்து 720 வரை பரவியிருந்தன. 718ம் 719ம் அதற்குள் விழுந்தவைதான்.

இந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்கு உறுத்திய இடம் ஒன்றுண்டு. இழந்த நேரத்தில் இவர் எத்தனை வினாவை எழுதியிருப்பார், அதில் எத்தனை சரியாகியிருக்கும் என்பதை, அவர் ஏற்கெனவே எழுதியவற்றின் வேகத்தையும் துல்லியத்தையும் கொண்டு ஊகிப்பதுதான் அதன் உள்ளர்த்தம். கிளாட் கணினியில் நடந்த பரீட்சை. யாருடைய திரை எத்தனை நிமிடம் முடங்கியது என்று கணினியே குறித்து வைத்திருக்கும். நீட் காகிதத்தில் நடப்பது. அங்கே வட்டத்தை நிரப்பும் கை எப்போது நின்றது என்று எந்தக் கருவியும் எழுதி வைப்பதில்லை. அதோடு, ஒருவர் எளிதானதை முதலில் எழுதிவிட்டுக் கடினமானதைக் கடைசிக்குத் தள்ளுவது வழக்கம். முதல் இரண்டரை மணித்தியாலத் துல்லியம் கடைசிப் பத்து நிமிடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வது தாராள மனசு.

வழக்கு நீதிமன்றம் போனது. ஜூன் 13இல் ஈட்டுப் புள்ளிகள் இரத்து செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த 1563 பேருக்கும் ஈட்டு இல்லாத பழைய புள்ளியையே வைத்துக்கொள்ளலாம், அல்லது 23ஆம் திகதி மறுபடி எழுதலாம் என்றார்கள். வந்து எழுதியவர்கள் 813 பேர். 67 என்றிருந்த முழுப்புள்ளிக்காரர் தொகை 61 ஆனது. பிறகு இன்னோர் அடி விழுந்தது. பௌதிகவியலில் அணு பற்றிய ஒரு வினாவுக்கு, பழைய பாடநூலை நம்பி எழுதியவர்களையும் காப்பாற்ற இரண்டு விடைகளைச் சரியென்று ஏற்றிருந்தார்கள். டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர் குழு ஒன்றுதான் சரி என்றது. மற்றதை எழுதியிருந்த நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, கொடுத்த 4 திரும்பிப்போய், பிழைக்குரிய 1ம் கழிந்தது. 61 பேரில் 44 பேர் ஒரே நாளில் 715க்கு இறங்கினார்கள். ஜூலை 26இல் வந்த திருத்திய பட்டியலில் 720இல் நின்றவர்கள் 17 பேர்.

இனி அந்தத் தேறிய புள்ளி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்க்கலாம். 520 எடுத்த இரண்டு மாணவிகளை மனதில் வையுங்கள். முதலாமவர் 180ஐயும் எழுதினார், 140 சரி, 40 பிழை. 560இல் 40 கழிந்து 520. இரண்டாமவர் 40 வினாவைத் தொடவேயில்லை, எழுதிய 140இல் 132 சரி, 8 பிழை. 528இல் 8 கழிந்து அதே 520. தேறிய புள்ளியில் இருவரும் சமம். துல்லியத்தைப் பார்த்தால் முதலாமவருக்கு 77.8 சதவீதம், இரண்டாமவருக்கு 94.3.

துல்லியம் என்றால் எழுதியவற்றில் எத்தனை சரி என்பது. 132ஐ 140ஆல் வகுக்க வேண்டும், 180ஆல் அல்ல. சில மாதிரிப் பரீட்சைப் பெறுபேற்றுத் தாள்களில் மொத்த வினாவால் வகுத்த சதவீதத்தையும் துல்லியம் என்றே அச்சிட்டு விடுகிறார்கள். அப்படி வகுத்தால் இரண்டாமவருக்கு 73.3 வரும், முதலாமவருக்கு 77.8. யார் கவனமாக எழுதுகிறார் என்ற கேள்விக்குப் பதில் தலைகீழாகிவிடும். பெறுபேற்றுத் தாள் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, கீழே எதனால் வகுத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

பெறுபேற்றில் தேறிய புள்ளி மட்டும் வந்து, எத்தனை எழுதினோம் என்பது நினைவிருந்தால் மற்றதெல்லாம் மீட்டெடுக்கலாம். தேறிய புள்ளியோடு எழுதிய எண்ணிக்கையைக் கூட்டி 5ஆல் வகுத்தால் சரியான விடைகள் வந்துவிடும். 520உம் 140உம் 660, ஐந்தால் வகுத்தால் 132. மீதி வந்தால் ஒன்றில் எண்ணியதில் பிழை, அல்லது திருத்தியதில் பிழை. வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் கையால் திருத்திய தாள்களைச் சரிபார்க்க இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

94 சதவீதத் துல்லியத்தைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்ந்துபோவது இயல்பு. எனக்கென்னவோ அந்த எண் கொஞ்சம் கவலை தருகிறது. அவர் விட்ட 40 வினாவில் என்ன நடந்திருக்கலாம் என்று பாருங்கள். ஒன்றுமே தெரியாமல் நான்கில் ஒன்றை எடுத்திருந்தால் சராசரியாக 10 சரி, 30 பிழை. 40இல் 30 போக 10 புள்ளி கூடியிருக்கும். சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. அப்படிக் குருட்டடியாய் எழுதுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உள்ளதும் குறையும். ஆனால் 40 வினாவில் ஒன்றுமே தெரியாமல் இருப்பது அபூர்வம். இரண்டு தெரிவுகளை இதுவல்ல என்று அடித்துவிட முடிந்திருந்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்று என்று போட்டு 20 சரி, 20 பிழை. 60 புள்ளி கூடுதல், 520 என்பது 580. மைனஸ் மார்க்ஸ் என்ற சொல்லுக்குப் பயந்து அவர் இழந்தது அவ்வளவு.

இந்தப் பயத்தை யாரும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கவில்லை. ஹார்வர்டில் கேட்டி பால்டிகா என்ற ஆய்வாளர் செய்த சோதனை 2014இல் வெளியானது. பிழைக்குப் புள்ளி கழியும் என்றபோது, அதே அறிவு மட்டமுள்ள பெண்கள் ஆண்களை விட அதிக வினாக்களை விட்டார்கள் என்பது அதன் முடிவு. மருத்துவ பீடத்துக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

எவ்வளவு துல்லியம் இருந்தால் எழுதலாம், எதற்குக் கீழே விடவேண்டும் என்ற கோடு ஒவ்வொரு தாளிலும் வேறு. நீட்டில் ஒரு சரி நான்கு பிழையைத் தாங்கும். ஐந்தில் ஒன்று சரியானாலே கணக்கு பூச்சியத்தில் நிற்கும். ஆகவே கோடு 20 சதவீதம். நான்கு தெரிவில் கண்ணை மூடி எடுத்தாலே 25 வரும். அதனால் நீட்டின் தண்டனை குருட்டடியைத் தடுக்கும் அளவுக்குக் கனமானதல்ல. நான்கு தெரிவில் ஊகத்தின் ஆதாயத்தைச் சரியாக அழிக்க வேண்டுமானால் பிழைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். இந்திய ஆட்சிப் பணிக்கான முதனிலைத் தேர்வு அதைத்தான் செய்கிறது, அங்கே கோடு 25இல் நிற்கிறது. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. ஐந்து தெரிவும் கால் பங்கு கழிவும் வைத்திருந்தது, கோடு 20. 2016இல் அந்தக் கழிவையே எடுத்துவிட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்குக் கோடு திடீரென்று எகிறும் இடம் மருத்துவ பீடம். இலங்கை மருத்துவக் கல்வியில் நீண்ட காலமாக வழங்கும் பல்தேர்வு வடிவம் பாடசாலையில் பார்த்ததல்ல. ஒரு தலைவாசகம், அதன் கீழே ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று தனித்தனியே குறிக்க வேண்டும். சரியாகக் குறித்தால் 1 கூடும், பிழையாகக் குறித்தால் 1 கழியும் என்று வைத்துக்கொண்டால் கோடு 50 சதவீதம். உயர்தரத்தில் ஒன்றையும் விடாதே என்று பழகிய கை இங்கே கூற்றுக் கூற்றாகப் புள்ளியைக் கொட்டிவிடும்.

இந்த வடிவத்தோடு வழக்கமாகச் சேர்ந்துவரும் துணை விதி ஒன்றுண்டு. ஒரு வினாவில் மொத்தம் கழித்தலுக்குப் போனால் அதைப் பூச்சியமாக்கிவிடுவார்கள், கடன் அடுத்த வினாவுக்குப் போகாது. கருணையான விதிதான். ஆனால் அதன் உள்ளே ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஐந்து கூற்றும் சுத்தமாகத் தெரியாத ஒருவர் நாணயம் சுண்டி ஐந்தையும் குறிக்கிறார் என்று வையுங்கள். நாணயத்துக்கு 32 விதமாக விழ வழியுண்டு. ஒருமுறை ஐந்தும் சரியாகி 5 வரும், ஐந்து முறை நான்கு சரியாகி 3 வரும், பத்து முறை மூன்று சரியாகி 1 வரும். மற்ற 16இலும் கழித்தல் வரவேண்டியது பூச்சியமாகிவிடும். கூட்டினால் 30. அதை 32ஆல் வகுத்தால் வினாவுக்குச் சராசரியாக 0.94 புள்ளி. ஒன்றும் தெரியாமல் கிடைப்பது.

ஒரு கூற்று நிச்சயமாகத் தெரிந்தவர் மற்ற நான்கையும் ஊகித்தால், தெரிந்ததற்கு மேலே அவருக்கு வரும் கூடுதல் 0.44. இரண்டு தெரிந்தவர் மூன்றை ஊகித்தால் 0.125 மட்டும். மூன்று தெரிந்தவருக்கு ஊகத்தால் ஒன்றும் கூடாது, குறையவும் குறையாது. படிக்கப் படிக்க அன்பளிப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. பூச்சியத்தில் நிறுத்தும் விதி யாருக்கு அதிகம் உதவுகிறது என்றால் வெறுங்கையோடு வந்தவருக்குத்தான். ஐந்தில் மூன்றுக்கு மேல் தெரிந்து மீதியில் தடுமாறும் மாணவருக்கு அந்தக் குடை விரிவதே இல்லை. அவருடைய வினா கழித்தலுக்கு அருகில் போகாது, அதனால் அவர் செய்யும் ஒவ்வொரு பிழையும் முழுதாகக் கழியும்.

தன் துல்லியம் கோட்டுக்கு மேலா கீழா என்பதைப் பரீட்சை மண்டபத்தில் கண்டுபிடிக்க முடியாது, மாதிரித் தாளில்தான் முடியும். வினாவுக்கு விடை குறிக்கும்போதே ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் போட்டுவைக்க வேண்டும். நிச்சயமானதற்கு ஒன்று, இரண்டுக்குள் தடுமாறியதற்கு ஒன்று, சும்மா போட்டதற்கு ஒன்று. திருத்திய பின் துல்லியத்தை மொத்தமாகப் பார்க்காமல் மூன்று கூட்டத்துக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். நிச்சயம் என்று குறித்ததில் 95க்குக் கீழே நின்றால், பிள்ளை பிழையாகப் படித்து வைத்திருப்பவை உள்ளே இருக்கின்றன. அதைப் பரீட்சை உத்தியால் சரிசெய்ய முடியாது. முடிவெடுக்க உதவுவது நடுவிலுள்ள தடுமாற்றக் கூட்டம்.

ஒரு மாணவி தடுமாற்றம் என்று குறித்த 30 விடையில் 12 சரி என்று வைப்போம், 40 சதவீதம். நீட் கணக்கில் 48இல் 18 போக 30 புள்ளி இலாபம், எழுத வேண்டியதுதான். ஆட்சிப் பணித் தேர்வில் சரிக்கு 2, பிழைக்கு 0.66 என்ற கணக்கில் ஏறக்குறைய 12 புள்ளி மிஞ்சும், அங்கும் எழுதலாம். சரி–பிழைக் கூற்றுத் தாளில் அதே 40 சதவீதம் 6 புள்ளி நட்டம். அங்கே இன்னொரு கேள்வியும் எழும்: நாணயம் சுண்டினாலே 50 வரவேண்டிய இடத்தில் 40 ஏன்? ஏதோ ஒரு பாடப்பகுதியைத் தலைகீழாகப் படித்து வைத்திருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம், 30 கூற்றில் 15க்குப் பதிலாக 12 வருவது அதிசயமல்ல. அதனால் ஒரு தாளை வைத்து எதையும் முடிவுகட்டாமல், அடுத்த மூன்று நான்கு மாதிரித் தாள்களின் தடுமாற்றக் கூற்றுகளையும் சேர்த்து நூறைத் தாண்ட விட வேண்டும். அப்போதும் 40இலேயே நின்றால், அந்தக் கூற்றுகள் எந்தப் பாடத்திலிருந்து வந்தவை என்று பிரித்துப் பார்த்து, அந்தப் பாடத்தின் குறிப்புக் கொப்பியை எடுக்க வேண்டும்.